பண்டிகை வாரத்தில் சிபிஎம் ஏறிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது விளம்பரக் கணக்கைத் திறக்கிறீர்கள். போன வாரம் 100 இருந்த சிபிஎம், அதாவது ஆயிரம் முறை விளம்பரம் காட்டுவதற்கான செலவு, இப்போது 165 என்று நிற்கிறது. விளம்பரத்தை மாற்றவில்லை, ஆடியன்ஸை மாற்றவில்லை, பட்ஜெட்டும் அதேதான். இந்த இடத்தில் பாதிப் பேர் பதறிப்போய் எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள், மீதிப் பேர் பண்டிகை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே காசைக் கரைக்கும். சிபிஎம் ஏறுவதற்கு வெளியே இருக்கும் போட்டியும் காரணமாக இருக்கலாம், நம் கணக்குக்குள் இருக்கும் கோளாறும் காரணமாக இருக்கலாம். முதலாவதற்குக் கை வைக்காமல் இருப்பதுதான் மருந்து, இரண்டாவதற்குக் கை வைத்தே ஆக வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பர ஏலத்தை வைத்தே சொல்கிறேன். எண்களுக்கு நாணயம் போடவில்லை, உங்களுடையதைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

## முதலில், ஏலத்தில் என்ன நடக்கிறது

ஒருவர் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். ஒரு விளம்பர இடம் வருகிறது. அந்த ஒரு இடத்துக்கு அந்த நொடியிலேயே ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் ஒரு மதிப்பெண் போடப்படுகிறது: நீங்கள் ஒரு ஆர்டருக்குத் தரத் தயாராக இருக்கும் தொகையை, இந்த நபர் ஆர்டர் செய்வதற்கான வாய்ப்பால் பெருக்கி, அதோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் அதிகம் உள்ளவருக்கு இடம்.

ஒரு ஆர்டருக்கு நீங்கள் 200 வரை தரத் தயார், இவரைப் போன்றவர்களுக்கு ஆயிரம் முறை காட்டினால் ஒரு ஆர்டர் வரும் என்று வையுங்கள். தரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால், ஆயிரத்துக்கு 200 என்பது உங்கள் பலம். உங்களுக்கு அடுத்தவர் 90, அதற்கடுத்தவர் 70. ஜெயிப்பது நீங்கள்தான், ஆனால் 200 கட்டுவதில்லை. பின்னால் நிற்பவரை முந்துவதற்குத் தேவையான அளவை ஒட்டித்தான் விலை விழும், அதாவது ஏறக்குறைய 90.

பண்டிகை வாரம் வருகிறது. வருஷம் முழுக்க விளம்பரமே போடாத கடைகள் உள்ளே வருகின்றன, வழக்கமாகப் போடுகிறவர்கள் பட்ஜெட்டை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆக்குகிறார்கள். அதே இடத்துக்கு இப்போது 150 சொல்கிறவரும் 130 சொல்கிறவரும் நிற்கிறார்கள். ஜெயிப்பது இப்போதும் நீங்கள்தான். ஆனால் விலை 150 பக்கம் போய்விட்டது. உங்கள் பக்கம் எதுவுமே மாறவில்லை, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்தான் மாறினார். ஜனங்கள் போன் பார்க்கும் நேரம் பண்டிகைக்காக இரண்டு மடங்கு ஆவதில்லை, அதனால் விளம்பர இடங்களும் அந்த வேகத்தில் பெருகாது. இடம் அப்படியே இருக்க, கேட்கிறவர்கள் கூடினால் விலை ஏறத்தான் செய்யும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. சில இடங்களில் 230 சொல்கிறவரும் வருவார், அங்கே நீங்கள் தோற்பீர்கள். அப்படித் தோற்பது பெரும்பாலும் வாங்கும் வாய்ப்பு அதிகமுள்ள நபர்களிடம்தான், எல்லாரும் துரத்துவது அவர்களைத்தானே. ஆக, விலை ஏறுவதோடு, உங்களுக்குக் கிடைக்கும் பார்வைகளின் தரமும் கொஞ்சம் இறங்கலாம்.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

## அறிகுறி: எல்லாக் கேம்பெயினிலும் ஒரே நாளில் சிபிஎம் ஏறியிருக்கிறது

போட்டிதான் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. பார்க்கும் முறை: ஆட்ஸ் மேனேஜரில் கடந்த 21 நாளைத் தேர்ந்தெடுத்து, `Breakdown` போய் நாள்வாரியாகப் பிரியுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஆடியன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஒன்று பரந்த ஆடியன்ஸ், இன்னொன்று ஏற்கெனவே கடைப்பக்கம் வந்து போனவர்கள். இரண்டின் சிபிஎம்மும் கிட்டத்தட்ட அதே தேதியில் கிளம்பி, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறியிருந்தால், சந்தை ஏறியிருக்கிறது. ஒன்று மட்டும் ஏறி மற்றது அசையாமல் இருந்தால் சந்தைமீது பழி போடாதீர்கள், அந்த ஒன்றுக்குள் போய்த் தேடுங்கள்.

போன வருஷத்துக் கணக்கு இருந்தால் அதே பண்டிகைக்கு முந்தைய 21 நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதியை வைத்து ஒப்பிடாதீர்கள், பல பண்டிகைகள் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். பண்டிகைக்கு இத்தனை நாள் முன்பு என்று எண்ணித்தான் ஒப்பிட வேண்டும்.

போட்டிதான் என்று உறுதியானால், விளம்பரத்தைத் தொடாமல் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

## 165 அதிகமா இல்லையா: ஒரு கணக்கு

கைப்பை விற்கும் ஒரு இணையக் கடை என்று வையுங்கள். சாதாரண வாரம்: செலவு 21,000, சிபிஎம் 100, கிளிக் விகிதம் 1.2 சதவீதம், கிளிக் செய்தவர்களில் 4 சதவீதம் பேர் வாங்குகிறார்கள். ஒரு ஆர்டரில் பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் போக விளம்பரத்துக்கு முன்பு மிஞ்சுவது 300.

பண்டிகை வாரம்: செலவு அதே 21,000, சிபிஎம் 165, கிளிக் விகிதம் அதே 1.2. ஆனால் ஜனங்கள் வாங்கும் மனநிலையில் இருப்பதால் வாங்குகிறவர்கள் 5.5 சதவீதம். தள்ளுபடி கொடுத்தாலும் ஒரு ஆர்டரில் ஒன்றுக்கு மேல் வாங்குவதால் மிஞ்சுவது 340.

ஒரு ஆர்டருக்கான விளம்பரச் செலவு இப்படி வரும்:

```
ஆர்டர் செலவு = CPM / (1000 × கிளிக் விகிதம் × வாங்கும் விகிதம்)

சாதாரண வாரம்:  100 / (1000 × 0.012 × 0.04)  = 208
பண்டிகை வாரம்: 165 / (1000 × 0.012 × 0.055) = 250
```

சிபிஎம் 65 சதவீதம் ஏறியது, ஆர்டர் செலவு 20 சதவீதம்தான் ஏறியது. ஒரு ஆர்டரில் கையில் நிற்பது முன்பு 92, இப்போது 90. அதாவது பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. போட்டி ஏறும் அதே காரணத்தால்தான் வாங்கும் விகிதமும் ஏறுகிறது, ஒன்று மற்றொன்றைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், எந்த சிபிஎம் வரை நஷ்டமில்லை என்பதும் கிடைத்துவிடும்:

```
கட்டுப்படியாகும் CPM = ஆர்டரில் மிஞ்சுவது × 1000 × கிளிக் விகிதம் × வாங்கும் விகிதம்
                     = 340 × 1000 × 0.012 × 0.055 = 224
```

ஆக இந்தக் கடைக்கு 165 என்பது கவலைப்படும் எண் அல்ல. 224ஐ நெருங்கும்போதுதான் கையைக் கட்ட வேண்டும். இந்த ஒரு எண்ணைப் பண்டிகைக்கு முன்பே கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொண்டால், தினமும் காலையில் டாஷ்போர்டைப் பார்த்துப் பதறும் வேலை மிச்சம். ஒரு எச்சரிக்கை: வாங்கும் விகிதம் 5.5 ஆகும் என்பதை நம்பிக்கையில் போடாதீர்கள், கடந்த மூன்று நான்கு நாளில் உண்மையில் வந்த எண்ணைப் போடுங்கள்.

## அறிகுறி: பட்ஜெட்டை ஏற்றினேன், சராசரி லாபமாகத் தெரிகிறது, ஆனால் கையில் காசு குறைகிறது

பண்டிகை வாரத்தில் அதிகம் நடக்கும் தவறு இது. சராசரி எண் நம்மை ஏமாற்றிவிடும்.

அதே கடை. ஒரு நாளைக்கு 3,000 செலவில் 12 ஆர்டர், ஆர்டருக்கு 250. நன்றாகப் போகிறதே என்று பட்ஜெட்டை 6,000 ஆக்குகிறார்கள், 20 ஆர்டர் வருகிறது. சராசரி 300. மிஞ்சுவது 340, ஆக லாபம் என்றே தோன்றும். ஆனால் கூடுதலாகப் போட்ட 3,000 கொண்டுவந்தது 8 ஆர்டர்தான். அந்த 8 ஆர்டரின் விலை ஒவ்வொன்றும் 375. அவை ஒவ்வொன்றிலும் 35 நஷ்டம். 3,000 செலவில் ஒரு நாளைக்குக் கையில் நின்றது 1,080, 6,000 செலவில் நிற்பது 800. இரண்டு மடங்கு வேலை, இரண்டு மடங்கு பேக்கிங், காசு குறைவு.

ஏன் இப்படி? தானியங்கி ஏலத்தில், கொடுத்த பட்ஜெட்டை அன்றைக்குள் செலவழிக்கும்படி அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மலிவாக ஜெயிக்கக்கூடிய ஏலங்களை முதல் 3,000 எடுத்துவிட்டது. அடுத்த 3,000 செலவாக வேண்டுமானால், முன்பு விலை அதிகம் என்று விட்ட ஏலங்களிலும் போய் அதிகம் சொல்லித்தான் ஆக வேண்டும். சாதாரண வாரத்தில் இந்த ஏற்றம் மெதுவாக இருக்கும். போட்டி நெருக்கமாக இருக்கும் வாரத்தில் செங்குத்தாக ஏறும்.

செய்ய வேண்டியது: பட்ஜெட்டை ஒரே தாவாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கூடுதல் செலவைக் கூடுதல் ஆர்டரால் வகுத்துப் பாருங்கள். இந்தக் கடையில் 4,000 போட்டபோது 15 ஆர்டர்; கூடுதல் ஆயிரத்துக்கு 3 ஆர்டர், ஆர்டருக்கு 333. 340க்குக் கீழே ஒட்டி நிற்கிறது, அன்றைய லாபம் 1,100. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாள் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், பன்னிரண்டு பதினைந்து ஆர்டரில் இரண்டு முன்னே பின்னே போவது தற்செயலாகவும் இருக்கும். இரண்டு மூன்று நாள் சேர்த்துப் பாருங்கள்.

## அறிகுறி: சிபிஎம் ஏறுகிறது, `Frequency` ஏறுகிறது, கிளிக் விகிதம் இறங்குகிறது

இது போட்டி இல்லை, அல்லது போட்டி மட்டும் இல்லை. அதே ஆட்களுக்கு அதே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகிறது, அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். ஏலத்தின் மதிப்பெண்ணில் வாய்ப்பு என்றொரு பகுதி இருக்கிறதே, அது இறங்குகிறது; அதே இடத்தை ஜெயிக்க இப்போது அதிகக் காசு வேண்டும். ஏற்கெனவே வந்து போனவர்கள் மாதிரியான சின்ன ஆடியன்ஸில் பண்டிகைக்குப் பட்ஜெட்டை ஏற்றினால் இது சீக்கிரமே நடக்கும்.

இங்கே மருந்து புது விளம்பரம், அல்லது பெரிய ஆடியன்ஸ். பழைய விளம்பரத்தில் எழுத்தின் நிறத்தை மாற்றுவது புது விளம்பரம் ஆகாது. முதல் படமும் முதல் வரியும் வேறாக இருக்க வேண்டும். பல சின்னச் சின்ன ஆடியன்ஸாகப் பிரித்து வைத்திருந்தால் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். பிரிந்திருக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒன்றின்மேல் ஒன்று விழவும் செய்யும்.

ஆனால் பண்டிகை நெருக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட் செட்டுக்குள் போய்க் குடைவதில் ஒரு ஆபத்து உண்டு. பெரிய மாற்றம் எதைச் செய்தாலும், யாருக்குக் காட்டினால் ஆர்டர் வரும் என்று அமைப்பு பழகும் கற்கும் கட்டம் மறுபடி தொடங்கும், அதிலிருந்து வெளியே வர வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர் தேவை. பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது அது உங்களுக்குக் கட்டாது. ஆகவே புது விளம்பரங்களைப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே உள்ளே போட்டுப் பழக்கிவிடுங்கள்.

## அறிகுறி: மொத்த சிபிஎம் ஏறியது, ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ஏறவில்லை

முதல் தடவை பார்க்கும்போது குழப்பும். இடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஃபீடின் சிபிஎம் 140, ரீல்ஸின் சிபிஎம் 60 என்று இரண்டும் முன்பு போலவே இருக்கலாம், ஆனால் போன வாரம் பாதிப் பாதியாகப் போன பார்வைகள் இந்த வாரம் முக்கால்வாசி ஃபீடுக்குப் போயிருக்கும். சராசரி 100 இருந்தது 120 ஆகிவிடும், எந்த இடத்திலும் விலை ஏறாமலேயே. ஆர்டர் செலவு சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஆர்டர் வரும் இடத்துக்கு அமைப்பு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## அறிகுறி: செலவே ஆகவில்லை, பார்வைகள் திடீரென்று விழுந்துவிட்டன

ஆர்டர் செலவுக்கு வரம்பு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரண வாரத்தில் 210 என்று போட்ட வரம்பு, பண்டிகை வாரத்தில் பெரும்பாலான ஏலங்களை ஜெயிக்க விடாது. விளம்பரத்தில் கோளாறு இல்லை, வரம்பு சந்தைக்குக் கீழே போய்விட்டது.

அதே சமயம், சரியாகப் போட்டால் பண்டிகை வாரத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மேலே சொன்ன, ஒவ்வொன்றும் 375 விழுந்த ஆர்டர்களை ஓரளவுக்கு அதுவே தவிர்த்துவிடும். நம் கடைக்கு 280, 290 மாதிரி வைக்கலாம். 340ஐ அப்படியே போடாதீர்கள், ஏனென்றால் இந்த வரம்பு சராசரியைப் பிடிக்கத்தான் முயலும், ஒவ்வொரு ஆர்டரையும் அல்ல. ஒரே நாளில் அதைத் தாண்டவும் தாண்டும். இது உங்கள் பட்ஜெட்டை முழுக்கச் செலவழிக்காது என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். செலவாகாத காசைப் பார்த்து வரம்பைத் தினம் ஒரு படி ஏற்றிக்கொண்டே போனால், வரம்பு போட்டதற்கு அர்த்தமில்லை.

## அறிகுறி: கிளிக் நன்றாக வருகிறது, ஆர்டர் வரவில்லை

பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு இது சகஜம். ஜனங்கள் பார்த்து வைக்கிறார்கள், சம்பளம் வந்ததும் வாங்கலாம், தள்ளுபடி அறிவித்ததும் வாங்கலாம் என்று காத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கிளிக் செய்தவர் ஐந்தாம் நாள் வாங்கினால், அந்த ஆர்டர் அப்புறம்தான் இன்றைய கணக்கில் வந்து சேரும். எனவே கடைசி இரண்டு மூன்று நாளின் எண்கள் எப்போதும் உண்மையைவிட மோசமாகத் தெரியும். ஒரு வாரம் பழைய நாட்களை இன்றைக்குத் திறந்து பார்த்து, அன்று தெரிந்த ஆர்டரோடு ஒப்பிட்டால் எவ்வளவு தாமதம் என்பது பிடிபடும்.

இந்த நேரத்தில் சிபிஎம்மைக் குறைக்க வேண்டும் என்று கேம்பெயின் நோக்கத்தை விற்பனையிலிருந்து ட்ராஃபிக்குக்கோ ரீச்சுக்கோ மாற்றுகிறவர்கள் உண்டு. சிபிஎம் நிச்சயம் குறையும், 60க்கே கூட வரும். ஆனால் அது மலிவாகக் கிடைப்பது மற்ற யாரும் அந்த ஆட்களுக்காகப் போட்டி போடாததால்தான், அவர்கள் வாங்குகிறவர்கள் இல்லை என்பது ஏலத்துக்குத் தெரியும். பண்டிகை வாரத்துக்குள் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மலிவாக ஆள் சேர்க்க வேண்டுமானால் அதற்கு நேரம் வேறு: ஒரு மாதம் முன்பு, சிபிஎம் இன்னும் 100ல் இருக்கும்போது. அப்போது வந்து பார்த்தவர்களின் மின்னஞ்சல், போன் எண், வாட்ஸ்அப் சம்மதம் வாங்கி வையுங்கள். பண்டிகை வாரத்தில் அவர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப எந்த ஏலத்திலும் நிற்க வேண்டியதில்லை, பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் அந்தச் செலவு ஏறாது. விளம்பரப் பட்ஜெட்டைப் புது ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## பண்டிகை முடிந்த மறுநாள்

பொருள் போய்ச் சேரக் கடைசித் தேதி தாண்டியதும் வாங்கும் விகிதம் சட்டென்று விழும், ஆனால் சிபிஎம் அதே நாளில் விழாது, இன்னும் பலர் விளம்பரத்தை நிறுத்தியிருக்க மாட்டார்கள். பண்டிகை வாரத்திலேயே மிக மோசமான ஒன்றிரண்டு நாள் இவைதான்: விலை பண்டிகை விலை, வாங்குகிறவர்கள் சாதாரண வாரத்து அளவுகூட இல்லை. கட்டுப்படியாகும் சிபிஎம்மை அன்றைக்கே மறுபடி போடுங்கள். நம் கடையில் வாங்கும் விகிதம் 3 சதவீதத்துக்கு வந்து, மிஞ்சுவது 300 என்றால், எல்லை 108. சிபிஎம் இன்னும் 150ல் இருந்தால் பட்ஜெட்டைக் கீழே இறக்கி, போட்டியாளர்கள் கிளம்பும்வரை மூன்று நான்கு நாள் காத்திருந்து, 108க்குக் கீழே வந்ததும் திரும்ப ஏற்றுங்கள். வரம்பையும் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.